பழைய போனை அழிப்பதற்கு முன் கேமை லிங்க் பண்ணிவிடுங்கள்

புது போன் வாங்கியதும் முதலில் நடப்பது எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது. போட்டோ, தொடர்பு எண்கள், செயலிகள் எல்லாம் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். கேம்களின் ஐகான்களும் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிப் பழைய போனை ரீசெட் செய்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் கேமைத் திறந்தால், எப்படி விளையாடுவது என்று முதல் பாடத்திலிருந்து அது சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறது. வருடக்கணக்கில் சேர்த்த லெவல், ஜெம், நண்பர் குழு எதுவும் அங்கே இல்லை.

எங்கள் குடும்பத்தில் யார் போன் மாற்றினாலும் கேம் மாற்றும் வேலை என்னிடம்தான் வரும். போன மாதம் அக்கா மகன் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினான். பழைய போன் அவன் தங்கைக்குப் போக வேண்டும், அதனால் அன்று இரவே அழித்துவிடலாம் என்பது அக்காவின் திட்டம். “எல்லாம்தான் வந்துடுச்சே, இன்னும் எதுக்குடா அந்தப் போன்?” என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், கேமில் நாம் சேர்த்தது எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இணையத்தோடு விளையாடும் பெரும்பாலான கேம்களில் உங்கள் லெவலும் காயினும் கேம் நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கின்றன. முதன்முதலில் கேமைத் திறக்கும்போது, நீங்கள் எந்தக் கணக்கிலும் நுழையாமல் கெஸ்ட்டாக விளையாட ஆரம்பித்தால், சர்வர் உங்களுக்கு ஒரு அடையாளத்தை உருவாக்கிப் போனுக்குள் வைத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேம் அந்த அடையாளத்தைக் காட்டித்தான் உங்கள் பதிவை எடுக்கிறது. பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் கையில் கொடுக்கும் டோக்கன் போலத்தான். பை பத்திரமாக உள்ளேயே இருக்கும். டோக்கன் தொலைந்தால் அது உங்களுடையது என்று சொல்ல வழியில்லை.

ஆண்ட்ராய்டில் இந்த அடையாளம் கேமுக்கென்று ஒதுக்கப்பட்ட தனி இடத்தில் இருக்கும். வேறு எந்தச் செயலியும் அதைத் தொட முடியாது. போனிலிருந்து போனுக்கு மாற்றித் தரும் செயலிகள் பல கேமை மட்டும் கொண்டுவந்து இந்தப் பகுதியை விட்டுவிடுவதும் இதனால்தான். சில கேம்கள் அந்த அடையாளத்தைப் போனின் பாதுகாப்புச் சாவியால் பூட்டி வைத்திருக்கும். அந்தச் சாவி போனை விட்டு வெளியே வராது. கோப்பையே நகலெடுத்தாலும் புது போனில் அது திறக்காது. இன்னும் சில கேம்கள் ஆண்ட்ராய்டு தரும் கருவி எண்ணை நம்பி இருக்கும். அந்த எண் ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறிவிடும். அதாவது அதே போனை அழித்துவிட்டு அதே கேமை மறுபடி போட்டாலும் அதற்கு நீங்கள் புது ஆள்தான்.

ஐபோனில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. அங்கே பல கேம்கள் அடையாளத்தை, கடவுச்சொற்கள் போன்றவற்றைப் பூட்டி வைக்கும் கீசெயின் என்ற இடத்தில் வைக்கின்றன. கேமை நீக்கினாலும் கீசெயினில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். “நான் ஒரு தடவை டெலிட் பண்ணிட்டுத் திரும்பப் போட்டேன், எல்லாம் வந்துச்சு” என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் செயலியை நீக்குவது வேறு, போனையே அழிப்பது வேறு. போனை அழித்தால் கீசெயினும் அதோடு போய்விடும்.

லிங்க் செய்வது என்றால், சர்வரில் இருக்கும் அதே பதிவுக்கு இரண்டாவதாக ஒரு வழி வைப்பது. கெஸ்ட் அடையாளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதோடு உங்கள் கூகுள் பிளே கேம்ஸ், ஆப்பிளின் கேம் சென்டர், ஃபேஸ்புக், அல்லது கேம் நிறுவனமே தரும் ஐடி என்று ஒன்றை இணைக்கிறீர்கள். அதற்குப் பிறகு இரண்டில் எது இருந்தாலும் பதிவு கிடைக்கும். ஆனால் “இந்தப் பதிவு என்னுடையது, இதோடு இந்தக் கணக்கை இணை” என்று சொல்லும் உரிமை, கெஸ்ட் அடையாளம் இருக்கும் பழைய போனுக்கு மட்டுமே உண்டு. அதனால்தான் லிங்க் பண்ணும் வேலை பழைய போனில், அது உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னதும் போனை அழிப்பதை மறுநாளைக்குத் தள்ளி வைத்தாள்.

அடுத்த கேள்வி, எதோடு லிங்க் செய்வது. இதை நீங்கள் எந்தப் போனிலிருந்து எந்தப் போனுக்கு மாறுகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. கேம் சென்டர் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் இருக்கிறது. கூகுள் பிளே கேம்ஸ் மூலம் ஐபோன் கேமில் நுழைய முடியாது. ஆகவே ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர் பிளே கேம்ஸோடு மட்டும் லிங்க் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், புது போனில் நுழையவே வழியிருக்காது. இரண்டு பக்கமும் வேலை செய்யும் ஒன்று வேண்டும். கேம் நிறுவனத்தின் சொந்த ஐடி இருந்தால் என் தேர்வு எப்போதும் அதுதான், அதிலும் மின்னஞ்சலால் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. ஃபேஸ்புக் இரண்டு பக்கமும் வேலை செய்யும்தான், ஆனால் அந்தக் கணக்கு முடங்கினால் கேமும் சேர்ந்து முடங்கிவிடும். ஆப்பிள் ஐடியால் நுழையும் வசதியில் மின்னஞ்சலை மறைக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கேமிடம் போய்ச் சேருவது உங்கள் முகவரி இல்லை, ஆப்பிள் உருவாக்கிய வேறொரு முகவரி. பிற்பாடு உதவிக் குழுவுக்கு எழுத நேர்ந்தால், உங்கள் வழக்கமான முகவரியைச் சொன்னால் அவர்களுடைய பதிவோடு பொருந்தாது.

பிளே கேம்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கேமைத் திறக்கும்போது மேலே உங்கள் பெயரோடு ஒரு வரவேற்புப் பட்டை வந்து போகும். நீங்கள் பெற்ற சாதனைகளும் பிளே கேம்ஸ் செயலியில் தெரியும். இவை இரண்டையும் வைத்து முன்னேற்றம் சேமிக்கப்படுகிறது என்று முடிவு செய்ய முடியாது. சாதனைகளைப் பதிவதும் சேமிப்பைக் கொண்டுபோய் வைப்பதும் தனித்தனி வசதிகள். முதலாவதை மட்டும் பயன்படுத்தும் கேம்கள் நிறைய உண்டு. கேமின் அமைப்புகளுக்குள் போய், இணைந்திருக்கிறது என்று கேமே சொல்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பத் தகுந்தது.

சரி, அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அவனிடம் முக்கியமாக இரண்டு கேம்கள். ஒன்று கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். இன்னொன்று ஒரே நிறக் காய்களைச் சேர்த்து லெவல் தாண்டும் ஒரு புதிர் விளையாட்டு.

முதலாவது சுலபமாக முடிந்தது. பழைய போனில் கேமைத் திறந்து முதலில் அவனுடைய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். பெயர், டவுன் ஹால் எத்தனையாவது லெவல், அதைவிட முக்கியமாகப் பெயருக்குக் கீழே # குறியோடு தொடங்கும் பிளேயர் டேக். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கலாம், டேக் ஒருவருக்கு ஒன்றுதான். படத்தைப் பழைய போனிலேயே விட்டுவிடாமல் அக்காவின் எண்ணுக்கு அனுப்பி வைத்தோம். பிறகு அமைப்புகளில், அந்தக் கேம் நிறுவனம் தரும் சொந்த ஐடியான Supercell ID பகுதிக்குப் போனோம். அங்கே இணைக்கப்படவில்லை என்றுதான் இருந்தது. இத்தனை நாளும் கெஸ்ட்டாகவே விளையாடியிருக்கிறான்.

பதிவு செய்ய மின்னஞ்சல் கேட்டபோது அவன் பள்ளியில் கொடுத்த முகவரியைத் தட்டச்சு செய்யப் போனான். நான் தடுத்தேன். அந்தப் பள்ளியை விட்டு வந்தால் முகவரி போய்விடும். இந்த ஐடியில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் மின்னஞ்சலுக்கு 6 இலக்க எண் ஒன்று வரும், அதைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஆகவே அந்த முகவரி நீண்ட நாள் இருக்கக்கூடியதாக இருக்க வேண்டும், புது போனிலேயே திறந்து பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அவனுடைய சொந்த முகவரியைக் கொடுத்தோம், எண் வந்தது, இணைந்துவிட்டது. ஐபோனில் கேமைத் திறந்து அதே ஐடியால் நுழைந்ததும் அவன் கிராமம் அப்படியே வந்தது. அந்த நொடியே பழைய போனில், வேறொரு கருவி இந்தக் கிராமத்தோடு இணைகிறது என்ற செய்தியோடு கேம் வெளியேறியது. பையன் பயந்துவிட்டான். உண்மையில் இது நல்ல அடையாளம். இரண்டு போனும் சர்வரில் இருக்கும் ஒரே பதிவைத்தான் கேட்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சிக்கல் வந்தது புதிர் விளையாட்டில்தான். புது போன் கைக்கு வந்த உடனேயே ஆசையில் அதைத் திறந்து சில லெவல் ஆடியிருக்கிறான். “மாமா, இதுல ஏற்கெனவே நாலாவது லெவல் காட்டுது, பழசுல எழுநூறுக்கு மேல இருக்கேன்” என்றான். இங்கேதான் நிறையப் பேர் தங்கள் முன்னேற்றத்தைத் தொலைக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புது போனில் கேமைத் திறந்து ஆடினால் அங்கே இன்னொரு கெஸ்ட் பதிவு உருவாகிவிடுகிறது. இப்போது சர்வரில் இரண்டு பதிவுகள், ஒன்று 4வது லெவலில், இன்னொன்று 700ஐத் தாண்டி. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சர்வருக்குத் தெரியாது. இந்த நிலையில் புது போனில் லிங்க் பொத்தானை முதலில் அழுத்தினால், உங்கள் கணக்கு அந்த 4வது லெவல் பதிவோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பழைய போனுக்கு வந்து அதே கணக்கை இணைக்கப் போனால், இது ஏற்கெனவே வேறொரு பதிவோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும். பல கேம்களில் ஒருமுறை ஒட்டியதைப் பிரிக்கும் வசதி கிடையாது. பழைய பதிவை வேறொரு கணக்கோடு இணைத்துக்கொள்வதுதான் அப்போது இருக்கும் வழி. பழைய போன் கையில் இருக்கும்வரை அந்த வழியும் திறந்தே இருக்கும்.

நல்லவேளையாக அவன் லிங்க் எதையும் அழுத்தியிருக்கவில்லை. பழைய போனில் முதலில் இணைத்தோம். பிறகு புது போனில் அதே கணக்கால் நுழைந்தபோது, எந்த முன்னேற்றத்தை வைத்துக்கொள்வது என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. ஒரு பக்கம் இந்தக் கருவியில் இருப்பது, மறுபக்கம் சர்வரில் இருப்பது. இந்தப் பெட்டிக்கு எப்போதும் மெதுவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்காத பக்கம் பல கேம்களில் நிரந்தரமாக அழிந்துவிடும். வாசகங்களைவிட எண்களைப் பாருங்கள். எந்தப் பக்கம் பெரிய லெவல், எந்தப் பக்கம் உங்கள் பெயர், கடைசியாக ஆடிய தேதி எது. தேதி மட்டும் உங்களை ஏமாற்றும், ஏனென்றால் புது போனில் ஆடிய அந்த நாலு லெவல்தான் சமீபத்தியது. பெட்டியில் லெவலோ பெயரோ இல்லாமல் ஆம், இல்லை என்று மட்டும் இருந்தால் எதையும் அழுத்தாமல் கேமை மூடிவிடுங்கள். புது போன் ஆண்ட்ராய்டாக இருந்தால், அமைப்புகளில் அந்தக் கேமின் தரவை அழித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் முதல் திரையிலேயே நுழைவதற்கான வழி கிடைக்கும், அந்தக் கேள்விப் பெட்டியே வராது. ஐபோனில் நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும், நான் மேலே சொன்ன கீசெயின் காரணத்தால், அந்தப் புது கெஸ்ட் திரும்ப வந்து நிற்கலாம். அப்போது கேமின் அமைப்புகளுக்குள் கணக்கை மாற்றும் பொத்தானைத் தேட வேண்டும். புது போனில் தேட வேண்டியது உள்ளே நுழையும் பொத்தான். இணைக்கும் பொத்தான் பழைய போனுக்கானது.

சர்வரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தோம், லெவல் வந்துவிட்டது. ஆனால் லெவல் வந்ததை மட்டும் வைத்துப் பழைய போனை அழிக்க நான் விடமாட்டேன். சில கேம்கள் முன்னேற்றத்தை முதலில் போனில் எழுதிவிட்டு, சர்வருக்கு அவ்வப்போதுதான் அனுப்பும். இணையம் இல்லாமல் ஆடிய கடைசி சில லெவல்கள் இன்னும் பழைய போனிலேயே தங்கியிருக்கலாம். அதனால் பழைய போனை இணையத்தில் வைத்து ஒரு லெவல் ஆடி, முடிந்த பிறகும் கேமைச் சிறிது நேரம் திறந்தே வைக்கச் சொல்வேன். அந்த லெவல் புது போனிலும் தெரிய வேண்டும். பிறகு எதிர்த்திசையில் ஒரு சோதனை. புது போனில் கொஞ்சம் காயின் செலவு செய்துவிட்டு, பழைய போனில் கேமை மூடித் திறந்தால் அங்கேயும் அதே அளவு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் புது போனில் இருப்பது ஒரு நகல்தான், இணைப்பு இல்லை. கடைசியாக, ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும் பிளேயர் ஐடியும் புது போனில் தெரியும் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரியான கணக்கால் நுழைந்தும் எதுவுமே இல்லாமல் காலியாக வந்தால் உடனே கலங்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று சர்வர். கென்ஷின் இம்பாக்ட் போன்ற கேம்களில் ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று தனித்தனி சர்வர்கள் உண்டு. ஒரே கணக்காக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் தனிப் பதிவுதான். நுழையும் திரையில் சர்வர் பெயரை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, போனில் இரண்டு கூகுள் கணக்குகள் இருப்பது. கேம் எதோடு இணைந்தது என்று பலருக்கு நினைவிருக்காது, புது போனில் அவர்கள் முதலில் போட்டது மற்றதாக இருக்கும். பழைய போன் அழியாமல் இருந்தால், அதில் பிளே கேம்ஸ் அமைப்புகளைத் திறந்து அந்தக் கேமுக்கு எந்தக் கணக்கு என்று பார்த்துவிடலாம்.

பழைய போனை அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் கேமுக்கு வெளியே இருக்கிறது. லிங்க் செய்த கணக்குக்குள் நுழைய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்து, அந்த எண்ணைத் தரும் செயலி பழைய போனில் மட்டுமே இருந்தால், போனோடு சேர்ந்து அதுவும் போய்விடும். குறுஞ்செய்தியில் எண் வருவதாக இருந்தால் அந்த சிம் எந்தப் போனில் இருக்கும் என்று பாருங்கள். நான் செய்வது இதுதான்: புது போனில் கேமிலிருந்து வெளியேறி, பழைய போனை அணைத்துவிட்டு, புது போனை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி நுழைந்து பார்ப்பேன். நுழைய முடிந்தால் கணக்கு பழைய போனை நம்பி இல்லை.

லிங்க் செய்தும் வராதவையும் உண்டு. கிராபிக்ஸ் அமைப்புகள், பொத்தான்களை நகர்த்தி வைத்த இடங்கள் போன்றவை பல கேம்களில் போனோடு இருப்பவை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகும்போது, பணம் கொடுத்து வாங்கிய ஜெம்கள் சில கேம்களில் பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். அந்தக் கேமின் உதவிப் பக்கத்தில் இது எழுதியிருக்கும், முதலிலேயே படித்துவிட்டுக் கையில் இருப்பதைப் பழைய போனிலேயே செலவழித்துவிடலாம். ஒரே கடைக்குள், அதாவது ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால், விளம்பரம் நீக்குவது போன்ற ஒருமுறை வாங்கியவை, வாங்கியதை மீட்கும் பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். செலவாகித் தீரும் காயின்கள் அந்தப் பொத்தானால் வராது.

கணக்கே இல்லாத, இணையம் இல்லாமல் ஆடும் கேம்களுக்கு லிங்க் பண்ண எதுவும் இல்லை. ஐபோனிலிருந்து ஐபோனுக்கு நேரடியாக மாற்றினால் அவற்றின் சேமிப்பு வழக்கமாகக் கூடவே வந்துவிடும். ஆண்ட்ராய்டில் தானாக நடக்கும் கூகுள் பேக்அப் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும், அதையும் கேமை உருவாக்கியவர் வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். இப்படிப்பட்ட கேம் உங்களுக்கு முக்கியம் என்றால், புது போனில் திறந்து சேமிப்பைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதைத் தொட வேண்டாம்.

லிங்க் செய்யாமலேயே போனை அழித்துவிட்டவர்களுக்குக் கேமின் உதவிக் குழு மட்டும்தான் மிச்சம். அவர்களிடம் பதிவு இருக்கிறது, அது உங்களுடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். பிளேயர் ஐடி, பெயர், கடைசியாக இருந்த லெவல், பழைய போனின் மாடல், விளையாட ஆரம்பித்த ஏறத்தாழக் காலம் என்று கேட்பார்கள். ஏதாவது வாங்கியிருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். கூகுள் பிளேயில் வாங்கியதற்கு GPA. என்று தொடங்கும் ஆர்டர் எண் மின்னஞ்சலில் வந்திருக்கும். பழைய ஸ்க்ரீன்ஷாட்டுகள், குழுவில் இருக்கும் நண்பரின் போனில் தெரியும் உங்கள் ஐடி இவையும் உதவும். பணமே செலவழிக்காதவருக்கு நிரூபிப்பது கஷ்டம்தான்.

அக்கா மறுநாள் மாலை பழைய போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழிப்பதற்கு முன் ஒவ்வொரு கேமிலிருந்தும் வெளியேற வேண்டுமா என்று கேட்டாள். தேவையில்லை, ரீசெட் செய்தால் அந்தப் போனில் இருப்பது எல்லாமே போய்விடும், சர்வரில் இருப்பதை அது தொடாது என்றேன். ஆனால் அமைப்புகளில் கணக்கை நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். கணக்கு உருவாக்க வைக்கும் செயலிகள், அதை உள்ளேயே நீக்கும் வசதியையும் தர வேண்டும் என்று 2022 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது, அதனால் இப்போது நிறைய கேம்களில் இதைப் பார்க்கலாம். போனைச் சுத்தம் செய்வதாக நினைத்து அதை அழுத்தினால் அழிவது சர்வரில் இருக்கும் பதிவு, அதாவது புது போனில் இருப்பதும் சேர்ந்தே போகும். சில நிறுவனங்கள் மனம் மாறினால் திரும்ப வர சில நாள் அவகாசம் தருகின்றன, எல்லோரும் தருவதில்லை. அக்கா கேமைத் திறக்காமலேயே, போனின் அமைப்புகளுக்கு நேராகப் போய் ரீசெட் கொடுத்தாள்.